ஒளிப்படம் ஓவியமாகும் இடம்

`mosaic.pth` என்றொரு கோப்பு. அளவு 7 மெகாபைட்டுக்கும் குறைவு. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு நிமிட வீடியோவே இதைவிடப் பெரிதாக இருக்கும். எந்த ஒளிப்படத்தைக் கொடுத்தாலும் அதை வண்ணச் சில்லுகள் பதித்த மொசைக் ஓவியம்போல மாற்றித் தரத் தேவையான எண்கள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. பைட்டார்ச் என்ற மென்பொருளுக்கான எடுத்துக்காட்டு நிரல்களில் ஒன்றுக்கு உரியது இது. காசு கொடுக்க வேண்டியதில்லை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத, 8 ஜிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள ஒரு மடிக்கணினியில் இதை இறக்கி, கைபேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படமொன்றை அப்படியே கொடுத்துப் பார்த்தால் நடப்பது வேறு. மின்விசிறி இரையத் தொடங்குகிறது, மவுஸ் நகர மறுக்கிறது. லினக்ஸ் கணினி என்றால் சற்று நேரத்தில் `Killed` என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிகிறது. விண்டோஸ் என்றால் கணினி வெகுநேரம் உறைந்து கிடக்கும், அல்லது இப்படியொரு வரி வந்து நிற்கும்:

```
DefaultCPUAllocator: not enough memory
```

7 மெகாபைட் கோப்பு 8 ஜிகாபைட் கணினியை எப்படித் திணறடிக்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், எந்த வகைப் பட வேலையை வீட்டுக் கணினியிலேயே முடித்துக்கொள்ளலாம், எதற்கு இணையச் சேவையை நாடியே ஆக வேண்டும் என்பதில் பாதி தெளிந்துவிடும்.

விடைக்குப் போகுமுன் இந்தத் தொழில்நுட்பம் தொடங்கிய இடத்தைப் பார்த்துவிடலாம். 2015 ஆகஸ்டில், ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோன் கேட்டிஸ், அலெக்சாண்டர் எக்கர், மத்தியாஸ் பெத்கே ஆகிய மூவரும் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். நெக்கார் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் தங்கள் ஊர் வீடுகளின் ஒளிப்படம் ஒன்றை எடுத்து, அதை டர்னர், வான் கோ, மூங்க், பிக்காசோ, காண்டின்ஸ்கி ஆகியோர் வரைந்ததுபோல மாற்றிக் காட்டியிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி, ஆக்ஸ்ஃபோர்டில் உருவான விஜிஜி-19 என்ற நியூரல் நெட்வொர்க். அது ஓவியம் வரையப் பழகியதல்ல. படத்தில் இருப்பது நாயா, பேருந்தா என்று அடையாளம் காணப் பழகியது. அப்படி அடையாளம் காணும்போது அதன் உள்ளே உருவாகும் எண்களிலிருந்து, படத்தில் என்ன இருக்கிறது என்பதையும், எந்த வண்ணத்தோடு எந்தத் தீற்றல் சேர்ந்து வருகிறது என்பதையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியும் என்பதுதான் அந்த மூவரின் கண்டுபிடிப்பு.

அழகான கண்டுபிடிப்பு, கணக்குதான் பெரியது. முதலில் ஏதோ ஒரு படத்தை வைத்துக்கொண்டு, அதன் உள்ளடக்கம் ஒளிப்படத்தோடும் பாணி ஓவியத்தோடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளந்து, ஒவ்வொரு பிக்சலையும் கொஞ்சம் திருத்தி, மறுபடி அளந்து, மறுபடி திருத்த வேண்டும். சில நூறு சுற்றுகள் இப்படியே போகும். ஒரு சுற்றுக்கு ஒரு பிக்சலுக்கு 7 லட்சம் பெருக்கல்களுக்கு மேல் ஆகின்றன. 512 × 384 அளவுள்ள சின்னப் படத்துக்கே ஒரு சுற்றுக்குச் சுமார் 14,000 கோடி பெருக்கல்கள். ஏழெட்டு ஆண்டுப் பழைய, நான்கு கோர்கள் கொண்ட மடிக்கணினிச் செயலி ஒன்று ஏட்டளவில் நொடிக்கு 15,000 கோடி பெருக்கல்களைச் செய்யும். நடைமுறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5,000 கோடி கிடைத்தாலே நல்லது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 3 நொடி, 500 சுற்றுகளுக்குக் கிட்டத்தட்ட 25 நிமிடம். வெளிவருவதோ தபால் அட்டை அளவுப் படம்.

அடுத்த ஆண்டே இந்தக் காத்திருப்பு போய்விட்டது. 2016இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜஸ்டின் ஜான்சனும் அவருடைய சகாக்களும் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். திருத்தி அளக்கும் பாடெல்லாம் முன்கூட்டியே, பயிற்சியின்போது ஒருமுறை நடந்துவிடும். ஒரே ஒரு பாணிக்கென்று ஒரு சின்ன நெட்வொர்க்கை எடுத்து, 80,000 ஒளிப்படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அன்றைய உயர்தர கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றில் அதற்குச் சுமார் 4 மணிநேரம் ஆனது. பழகிய பிறகு அந்த நெட்வொர்க் எந்தப் படத்தையும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிடும். பிக்சலுக்கு ஏறத்தாழ 1,54,000 பெருக்கல்கள், ஒரே ஒரு முறை. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் ஈராயிரம் மடங்குக்கும் அதிகமான மிச்சம். 1024 × 768 அளவுப் படத்துக்கு 12,000 கோடி பெருக்கல்கள். அதே பழைய செயலியில் இரண்டரை நொடி.

`mosaic.pth` இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குள் இருப்பவை சுமார் 17 லட்சம் எண்கள். ஒவ்வொன்றும் 4 பைட். அதனால்தான் கோப்பு 7 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் கோப்பின் அளவை வைத்து நினைவகத் தேவையைக் கணிப்பது, அரைப் பக்கச் சமையல் குறிப்பைப் பார்த்துவிட்டுக் கல்யாணப் பந்திக்கு ஒரு சின்ன வாணலி போதும் என்று முடிவு செய்வதைப் போன்றது. இடத்தை அடைப்பவை கணக்கின் நடுவே உருவாகும் இடைநிலை எண்கள்.

12 மெகாபிக்சல் படத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். நெட்வொர்க்கின் முதல் அடுக்கில் 32 வடிகட்டிகள் இருக்கின்றன. ஒன்று செங்குத்துக் கோடுகளைத் தேடும், இன்னொன்று நீலம் மஞ்சளோடு சேரும் விளிம்பைத் தேடும், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒவ்வொரு வடிகட்டியும் முழுப் பட அளவிலேயே தன் விடையை ஒரு தாளாக எழுதி வைக்கிறது. ஆக 32 தாள்கள், தாளுக்கு 1.2 கோடி எண்கள், எண்ணுக்கு 4 பைட். கூட்டினால் 1.5 ஜிகாபைட். இது முதல் அடுக்கு மட்டும்தான்.

அடுத்தடுத்த அடுக்குகளில் படம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாக, பிறகு கால்வாசியாகச் சுருங்குகிறது. தாள்களின் எண்ணிக்கை 64, 128 என்று கூடினாலும் ஒவ்வொரு தாளும் சின்னது என்பதால் மொத்தத்தில் இடம் குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், மொத்தப் பெருக்கல்களில் 60 விழுக்காடு நடப்பது இந்தச் சுருங்கிய நடுப்பகுதியில்தான். நேரத்தைத் தின்னும் இடம் ஒன்று, நினைவகத்தைத் தின்னும் இடம் வேறொன்று. நடுப்பகுதியைத் தாண்டிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது; உண்மையான நெருக்கடி கடைசியில், படத்தைப் பழைய அளவுக்கு விரிக்கும் இடத்தில் காத்திருக்கிறது. அந்த அடுக்கின் நிரலைச் சுருக்கி எழுதினால் இவ்வளவுதான்:

```python
x_in = interpolate(x, mode='nearest', scale_factor=2)
out = self.reflection_pad(x_in)
out = self.conv2d(out)
```

முதல் வரி, பாதி அளவில் இருந்த 64 தாள்களை முழு அளவுக்கு விரிக்கிறது. 64 தாள், 1.2 கோடி எண், 4 பைட்: 3.07 ஜிகாபைட். இரண்டாவது வரி, ஓரங்களில் வடிகட்டி வெளியே விழாமல் இருக்க ஒரு பிக்சல் அகலத்துக்குக் கரை கட்டுகிறது. கரை சின்னதுதான், ஆனால் அதைக் கட்டுவதற்காக மொத்தத்தையும் இன்னொரு பிரதி எடுக்கிறது: மேலும் 3.07 ஜிகாபைட். மூன்றாவது வரி 32 தாள்களை எழுதுகிறது: 1.5 ஜிகாபைட். விரிப்பதற்கு முன்பிருந்த பழைய தாள்களும் இன்னும் விடுவிக்கப்படாமல் முக்கால் ஜிகாபைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே நேரத்தில் 8.4 ஜிகாபைட். விண்டோஸும் திறந்து கிடக்கும் பிரௌசரும் எடுத்துக்கொண்டது போக, 8 ஜிகாபைட் கணினியில் நாலைந்து ஜிகாபைட் மிஞ்சினாலே அதிகம். கணினி திணறியதற்குக் காரணம் இந்த மூன்று வரிகள்.

நினைவகம் போதாதபோது இயங்குதளம் உடனே கைவிரித்துவிடுவதில்லை. நினைவகத்தில் இருப்பவற்றை வட்டில் எழுதி வைத்து இடம் பிடிக்கப் பார்க்கும். பார்ப்பவருக்கு இது 'மெதுவான கணினி' என்று தோன்றும். செயலியைக் குறை சொல்லி, புதுக் கணினி வாங்கலாமா என்று யோசிப்பார். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், செயலி இடைவிடாமல் உழைத்துக்கொண்டிருந்தால் அது வேகக் குறைவு, பொறுத்திருக்கலாம். செயலி சும்மா இருக்க, நினைவகமும் வட்டும் நிறைந்து துடித்துக்கொண்டிருந்தால் அது நினைவகப் பற்றாக்குறை, காத்திருந்து பயனில்லை.

தீர்வு அதே நிரலில் ஒரு தெரிவாக இருக்கிறது:

```
python neural_style/neural_style.py eval --content-image veedu.jpg --model saved_models/mosaic.pth --output-image out.jpg --content-scale 2
```

(பழைய பதிப்பு என்றால் கடைசியில் `--cuda 0` என்றும் சேர்க்க வேண்டும்.) `--content-scale 2` படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்குகிறது. பிக்சல்கள் நான்கில் ஒரு பங்காகின்றன, நினைவகத் தேவையும் அப்படியே: 8.4 ஜிகாபைட் 2.1 ஜிகாபைட்டாக இறங்குகிறது. நேரம் பத்து நொடிக்குள். 2000 × 1500 அளவில் கிடைக்கும் படம் கைபேசித் திரைக்கும் தாராளம், வாரப் பத்திரிகையின் முழுப் பக்கத்துக்கும் ஏறக்குறையத் தாங்கும்.

படத்தைச் சுருக்குவதை ஒரு சமரசமாகவே பலர் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லாத வருத்தம். இந்த நெட்வொர்க்குகள் 256 × 256 அளவுப் படங்களைப் பார்த்துப் பழகியவை. அவை போடும் தீற்றலுக்கு இத்தனை பிக்சல் அகலம் என்று ஒரு கணக்கு பயிற்சியிலேயே ஊறிப்போயிருக்கிறது. 12 மெகாபிக்சல் படத்தைக் கொடுத்தாலும் தீற்றலின் பிக்சல் அளவு மாறாது. ஆகவே பெரிய படத்தில் அது மணல் தூவியதுபோலப் பொடியாகிவிடும். சற்று விலகி நின்று பார்த்தால் ஓவியமாகத் தெரியாமல், அழுக்குப் படிந்த ஒளிப்படமாகத்தான் தெரியும். 1024 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக் கொடுத்த அதே படத்தில் சில்லுகள் பெரிதாக, துணிச்சலாக விழுந்திருக்கும். எனவே 32 ஜிகாபைட் கணினி வைத்திருப்பவரும் சுருக்கித்தான் பார்க்க வேண்டும்.

சுருக்க மனமில்லாதவர்கள் வேறொரு வழியை முயல்வதுண்டு: பெரிய படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றாக மாற்றி, பிறகு ஒட்டுவது. நினைவகப் பிரச்சினை தீர்ந்துவிடும், படம் கெட்டுவிடும். நெட்வொர்க்கின் ஏறக்குறைய ஒவ்வொரு அடுக்கிலும், தாளில் உள்ள எண்களின் சராசரியையும் பரவலையும் பார்த்து அவற்றைச் சமன்படுத்தும் ஒரு படி இருக்கிறது. முழுப் படத்துக்கும் ஒரே சராசரி என்றால் சிக்கல் இல்லை. வெட்டிய சதுரங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சராசரி வந்துவிடுகிறது. வெறும் வானம் மட்டும் இருக்கும் சதுரத்தில் வேறுபாடே இல்லாததால், இல்லாத வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டி, அமைதியான நீலத்தில் கொப்புளம் கொப்புளமாக எதையோ கிளப்பிவிடும். பக்கத்துச் சதுரத்தில் கோபுரம் இருந்தால் அதன் வானம் வேறு நிறத்தில் இருக்கும். சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறவிட்டு ஒட்டினால் கோடு மங்கும், நிற வேறுபாடு மறையாது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு தந்திரம் சொன்னது: முழுப் படத்தின் சிறு வடிவம் ஒன்றை முதலில் ஓட்டி, அதிலிருந்து கிடைத்த சராசரிகளையே எல்லாச் சதுரங்களுக்கும் பயன்படுத்துவது. எடுத்துக்காட்டு நிரலில் அந்த வசதி கிடையாது. நிரல் எழுதத் தெரிந்தவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சின்னக் குறும்பையும் சொல்லிவிட வேண்டும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம், ஓவியமாகி வரும்போது பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். கைபேசி பல நேரங்களில் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் கோப்பின் தலைப்பில் எழுதி வைக்கிறது. இந்த நிரல் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. இதே தலைப்புக் குறிப்புகள் கீழே இன்னொரு காரணத்துக்காக மீண்டும் வரும்.

வேகத்தைப் பொறுத்தவரை இணையச் சேவைக்கு இயல்பாகவே ஒரு மரியாதை இருக்கிறது: அங்கே பெரிய கணினிகள் உட்கார்ந்திருக்கின்றன, நொடியில் முடிந்துவிடும் என்று. கணக்கு நொடியில் முடிவது உண்மை. ஆனால் படம் அங்கே போய்ச் சேர வேண்டுமே. 4 மெகாபைட் படத்தை, நொடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் ஏற்றவே மூன்று நொடிக்கு மேல் ஆகும். பிறகு வரிசையில் காத்திருப்பு, பிறகு இறக்கம். ஒற்றைப் படத்துக்கு மடிக்கணினியும் சேவையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கல்யாண ஆல்பத்தின் 200 படங்களை மாற்ற வேண்டுமென்றால் மடிக்கணினி அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுக்கும். சேவையின் இலவசக் கணக்கோ சில படங்களோடு நாளைக்கு வா என்று சொல்லிவிடும்.

பிரிஸ்மா என்ற கைபேசிச் செயலியின் கதை இந்த இடத்தில் பொருந்தும். 2016 ஜூனில் ஐபோனுக்கு வந்த அந்தச் செயலி, ஒளிப்படங்களை ஓவியமாக்கித் தந்து சில வாரங்களில் உலகம் முழுக்கப் பரவியது. தொடக்கத்தில் படங்கள் எல்லாம் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் திரும்பின. கூட்டம் சேரச் சேர சர்வர் திணறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த பதிப்பில் பல பாணிகள் கைபேசிக்குள்ளேயே, இணைய இணைப்பே இல்லாமல் ஓடத் தொடங்கின. 2016இலேயே ஒரு கைபேசியால் முடிந்த வேலை, இன்றைய எளிய மடிக்கணினியால் முடியாது என்று சொல்வதற்கு இடமில்லை.

ஆனால் இன்று 'படத்தை ஓவியமாக்கு' என்று கேட்பவர்களில் பலர் மனதில் வைத்திருப்பது மொசைக் அல்ல. 2025 மார்ச் கடைசி வாரத்தில் ஓப்பன்ஏஐ தன் சாட்ஜிபிடியில் புதிய பட வசதியைத் திறந்தபோது, குடும்பப் படங்களை ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்ளி திரைப்படங்களின் பாணியில் மாற்றித் தரும் மோகம் பற்றிக்கொண்டது. தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுக்களும் தப்பவில்லை. இரண்டே நாளில், கிராஃபிக்ஸ் அட்டைகள் உருகுகின்றன என்று நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மேன் எழுதி, பயன்பாட்டுக்குத் தற்காலிக வரம்பு விதித்தார். உலகின் மிகப் பெரிய கணினிக் கூடங்களில் ஒன்றுக்கும் வரிசை நிற்கும் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

இந்தப் புது வகை, பிக்சலுக்குப் பிக்சல் வண்ணம் மாற்றுவதில்லை. படத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, புதிதாக வரைகிறது. மொசைக் நெட்வொர்க் அப்பாவின் மூக்கை அதே இடத்தில், அதே நீளத்தில் விட்டுவைக்கும். மேலே சில்லுகளை மட்டும் பதிக்கும். இதுவோ அப்பாவைப் போன்ற ஒரு கேலிச்சித்திர மனிதரை உருவாக்கும். சட்டையின் கட்டமும், பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரின் எழுத்தும் மாறிப்போயிருக்கலாம். அந்தக் குறிப்பிட்ட மாடலை யாரும் இறக்கிக்கொள்ள முடியாது. அது நிறுவனத்தின் சர்வரில் மட்டுமே இருக்கிறது. அதே தரம் வேண்டுமானால் இணையச் சேவையைத் தவிர வேறு வழியில்லை என்பதை நேராகவே ஒப்புக்கொள்ளலாம்.

கிட்டத்தட்ட அதே வகை போதும் என்றால் 2022 ஆகஸ்டில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட ஸ்டேபிள் டிஃப்யூஷன் இருக்கிறது. அதன் 1.5 பதிப்பில் சுமார் 107 கோடி எண்கள். 4 பைட் கணக்கில் 4.27 ஜிகாபைட் கோப்பு. இங்கே நிலைமை தலைகீழ்: நெட்வொர்க்கே நினைவகத்தில் பாதியை அடைத்துக்கொள்கிறது. 512 × 512 படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஒரு வடிவத்தில்தான் வேலை நடக்கிறது என்பதால் இடைநிலைத் தாள்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. 8 ஜிகாபைட் கணினியில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு இழுத்துப்பிடித்து ஓட்டலாம். எண்களை 8 பிட்டாகவோ 4 பிட்டாகவோ சுருக்கி ஓட்டும் `stable-diffusion.cpp` போன்ற நிரல்கள் மூச்சுவிட இடம் தரும்.

நேரம்தான் சோதனை. படம் படிப்படியாக உருவாகிறது. ஒரு படிக்குச் சுமார் 34,000 கோடி பெருக்கல்கள். எழுத்தில் கொடுத்த விவரணைக்குப் படம் ஒத்துப்போவதற்காக ஒவ்வொரு படியும் இரண்டு முறை ஓடுகிறது. நம் பழைய மடிக்கணினிச் செயலியில் படிக்கு 13, 14 நொடி. 20 படிகள் என்றால் நான்கரை நிமிடம். 2023 இறுதியில் வந்த எல்சிஎம் என்ற முறை படிகளை நான்காகக் குறைத்து, இரட்டை ஓட்டத்தையும் தவிர்க்கிறது. அப்போது நான்கு படிகளும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், படத்தின் நுணுக்கம் சற்று மழுங்கியிருக்கும். மூலப் படத்தை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். 0.3இல் பாணி ஒட்டவே ஒட்டாது, 0.7இல் பாணி வந்துவிடும், முகம் வேறொருவருடையதாகிவிடும். சரியான எண்ணைக் கண்டுபிடிக்க ஏழெட்டு முறையாவது ஓட்டிப் பார்க்க நேரும். அரை நிமிடமா, நான்கரை நிமிடமா என்பது இந்தத் திரும்பத் திரும்ப முயலும் இடத்தில்தான் உறைக்கும்.

இனி படம் யாரிடம் போகிறது என்ற கேள்வி.

2019 ஜூலையில் ஃபேஸ்ஆப் என்ற செயலியில் முகத்தை முதுமையாக்கிப் பார்க்கும் விளையாட்டு பரவியபோது, அமெரிக்க செனட்டர் சக் ஷூமர் அதை விசாரிக்கும்படி எஃப்பிஐக்கும் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கும் கடிதம் எழுதினார். ரஷ்யாவில் உருவான செயலி என்பது அவருடைய கவலையின் ஒரு பகுதி. பயனர் தேர்ந்தெடுத்த படம் மட்டுமே ஏற்றப்படுகிறது, பெரும்பாலான படங்கள் 48 மணி நேரத்துக்குள் அழிக்கப்படுகின்றன என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அது உண்மையாகவே இருக்கலாம். பயனர் அதைச் சரிபார்க்க எந்த வழியும் இல்லை என்பதே பிரச்சினை. அழிக்கிறோம் என்ற வாக்குறுதி சர்வரை வைத்திருப்பவர் சொல்வது. மற்றவர் நம்பலாம், அல்லது நம்பாமல் இருக்கலாம்.

படத்தை அழித்தாலும் படத்திலிருந்து கற்றது அழிவதில்லை என்பதை எவரால்பம் வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பயனர்கள் சேமித்த படங்களைக் கொண்டு முகம் அறியும் மாடல்களை உருவாக்கிய அந்த நிறுவனத்தோடு 2021 ஜனவரியில் அதே வணிக ஆணையம் ஓர் உடன்பாடு செய்தது. படங்களை மட்டுமல்ல, அவற்றிலிருந்து உருவான மாடல்களையும் அழிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நிறுவனமே விரும்பினாலும் அழிக்க முடியாத நிலைமையும் வரும்: 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், வழக்கமாக அழிந்துபோகும் சாட்ஜிபிடி பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி ஓர் அமெரிக்க நீதிமன்றம் ஓப்பன்ஏஐக்கு ஆணையிட்டது. சில மாதங்களுக்குப் பிறகே அந்தக் கட்டாயம் நீங்கியது. பயனர் அழித்ததும், நிறுவனம் அழிப்பதாகச் சொன்னதும் இடைப்பட்ட காலத்தில் அங்கேயே இருந்தன.

முகத்தைவிட அதிகமாக ஒன்று படத்தோடு போகிறது. படுத்துக்கிடக்கும் படத்துக்குக் காரணமான அதே தலைப்புக் குறிப்புகளில், படம் எடுத்த நேரமும், இட வசதி இயக்கத்தில் இருந்தால் வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகையும் எழுதப்பட்டிருக்கும். குழந்தையின் பிறந்தநாள் படத்தை அசல் கோப்பாக ஏற்றுபவர், வீட்டு முகவரியையும் சேர்த்துக் கொடுத்தவராகிறார். இணையச் சேவையைத்தான் பயன்படுத்துவது என்று முடிவாகிவிட்டால், ஏற்றும் முன் இந்தக் கட்டளை அவற்றை நீக்கிவிடும்:

```
exiftool -all= padam.jpg
```

திருப்பிக் காட்டும் குறிப்பும் சேர்ந்து போய்விடும் என்பதால், படத்தை முதலில் சரியாகத் திருப்பிச் சேமித்துக்கொள்வது நல்லது. மடிக்கணினியில் ஓடும் மொசைக் நிரலோ, பிக்சல்களை மட்டும் எடுத்துப் புதுக் கோப்பு எழுதுவதால், வெளிவரும் ஓவியத்தில் இந்தக் குறிப்புகள் எதுவும் இருக்காது. அதன் அறியாமை இங்கே உதவியாகிவிடுகிறது.

மாடல் கோப்பை ஒருமுறை இறக்கிய பிறகு மடிக்கணினிக்கு இணையம் தேவையில்லை. இதைச் சரிபார்ப்பதும் சுலபம்: வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் போதும். பத்து நொடியில் படம் வந்துவிட்டால், அது வேறெங்கும் போய்த் திரும்பவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஃபேஸ்ஆப் கொடுத்த விளக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது.

இருந்தாலும் வீட்டுக் கணினி என்பதாலேயே எல்லாம் பத்திரம் என்று நினைப்பது அவசரம். `.pth` என்று முடியும் கோப்புகள் வெறும் எண்களின் தொகுப்பு அல்ல. பைத்தானின் பிக்கிள் என்ற முறையில் கட்டப்பட்ட அவற்றுக்குள் நிரல் வரிகளையும் ஒளித்து வைக்கலாம். கோப்பைத் திறந்த கணத்தில் அவை இயங்கிவிடும். யாரோ ஒருவர் 'அருமையான தஞ்சாவூர் பாணி மாடல்' என்று பகிர்ந்த கோப்பு, கணினியில் உள்ள மொத்தப் பட ஆல்பத்தையும் சத்தமில்லாமல் வெளியே அனுப்பலாம். இணையச் சேவைக்காவது ஒரு படம்தான் போயிருக்கும். 2025 ஜனவரியில் வந்த பைட்டார்ச் 2.6 முதல், `torch.load` இயல்பாகவே எண்களை மட்டும் ஏற்று மற்றதை மறுக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் 2.6க்கு மாறிவிடுவதே பாதுகாப்பு, முடியாவிட்டால் அதைத் தாங்களே சொல்ல வேண்டும்:

```python
torch.load("mosaic.pth", weights_only=True)
```

`.safetensors` என்று முடியும் கோப்பு கிடைத்தால் அதுவே மேல். நிரல் வரிகளுக்கு அதில் இடமே கிடையாது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடல்கள் இன்று பெரும்பாலும் அந்த வடிவில்தான் பகிரப்படுகின்றன. பழைய, சின்ன ஓவிய மாடல்கள் பல இன்னும் `.pth` வடிவிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.